டெமரேஜ் என்றைக்குத் தொடங்குகிறது? லாரி ஆபீஸ் குடோனிலிருந்து ஒரு கணக்கு

எடுக்காமல் குடோனில் தங்கும் சரக்குக்கு நாங்கள் வாங்கும் டெமரேஜ் பற்றி எங்கள் லாரி ஆபீஸில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து நிற்கும்: எந்த நாளிலிருந்து எண்ணினீர்கள்? தொகை பெரிதா சிறிதா என்பது அதற்குப் பிறகுதான். ஒரு நாளைக்கு நூறு ரூபாய்க்கும் குறைவான கட்டணத்திற்காக, லட்ச ரூபாய்ச் சரக்கு வாங்கும் கடைக்காரர் முக்கால் மணி நேரம் கவுண்டரில் நின்று வாதாடுவார். அவருக்கு வலிப்பது பணம் அல்ல. தனக்குத் தெரியாமல் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான்.

மதுரையில் ஒரு பார்சல் சர்வீஸின் கிளையில் டெலிவரி பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். சூரத், மும்பை, டெல்லி, பெங்களூரு என்று பல இடங்களிலிருந்து வரும் சிப்பங்கள் இங்கே இறங்கும். உள்ளூர்க் கடைகளுக்குப் பெரும்பாலும் நாங்களே கொண்டுபோய்க் கொடுப்போம். வெளியூர்க் கடைக்காரர்கள் தங்கள் வண்டியை அனுப்பி எடுத்துக்கொள்வார்கள். எடுக்கும்வரை சரக்கு எங்கள் குடோனில் காத்திருக்கும். குறிப்பிட்ட நாட்கள் வரை வாடகை கிடையாது. அதற்கு மேல் தங்கினால் நாள் கணக்கில் டெமரேஜ். இந்த வழக்கம் எல்லா லாரி ஆபீஸிலும் உண்டு. விகிதமும் நாட்களும்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

எங்கள் கிளையின் விதி இது. சரக்கு இறங்கிய நாள் கணக்கில் வராது. மறுநாளிலிருந்து ஐந்து வேலை நாட்கள் இலவசம். ஞாயிறு அதில் சேராது. ஆறாவது வேலை நாளிலிருந்து சிப்பம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். அப்படி ஏழு நாட்கள் கடந்துவிட்டால் சிப்பத்துக்கு 15 ரூபாய். கட்டணம் ஓடத் தொடங்கிய பிறகு ஞாயிறும் எண்ணப்படும். எடுத்துச் செல்லும் நாளுக்குக் கட்டணம் இல்லை. இவ்வளவும் எல்.ஆர். என்று நாங்கள் சொல்லும் லாரி ரசீதின் பின்பக்கத்தில், கொசு அளவு எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதை யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. அதனால் ‘ரசீதிலேயே போட்டிருக்கிறோமே’ என்று வாடிக்கையாளரிடம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். சட்டப்படி அது நமக்கு ஒரு பிடிமானம். பேச்சில் அது எரிச்சலை மட்டுமே கூட்டும்.

விகிதம் ஏன் இரண்டு படியாக இருக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. கட்டணம் குறைவாகவே நீடித்தால் கடைக்காரர் எங்கள் குடோனைத் தன் ஸ்டாக் ரூமாக்கிவிடுவார். ஊரில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பதைவிட எங்களிடம் விட்டுவைப்பது மலிவு. முதல் நாளிலிருந்தே கட்டணம் கடுமையாக இருந்தால் வேறு ஆபத்து: மதிப்புக் குறைந்த சரக்கு என்றால், ‘சரக்கு விலைக்கு மேல் கேட்கிறீர்கள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படி விடப்பட்ட பிளாஸ்டிக் சாமான்கள் எங்கள் குடோனின் ஒரு மூலையை நெடுநாள் அடைத்துக்கொண்டிருந்தன. முதல் வாரம் பொறுக்கக்கூடிய தொகை, அதற்குப் பிறகு உறைக்கக்கூடிய தொகை என்று வைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஒரு கணக்கை முழுதாகச் சொல்கிறேன்.

மதுரைக்குத் தெற்கே, 70 கிலோமீட்டர் தள்ளி ஓர் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குச் சூரத்திலிருந்து 12 சிப்பம் சேலை வந்தது. மொத்தம் 540 கிலோ. டு-பே, அதாவது லாரி வாடகையை எடுப்பவர் கட்ட வேண்டும். வாடகை 5,400 ரூபாய். ஜூலை 22, செவ்வாய்க்கிழமை சரக்கு இறங்கியது. அன்று மாலையே ரசீதில் இருந்த கைப்பேசி எண்ணுக்கு வருகைத் தகவல் போனது. பதில் இல்லை. லாரி ஆபீஸ் செய்திக்கு யாரும் பதில் போடுவதில்லை என்பதால் அதை நாங்கள் பொருட்படுத்துவதும் இல்லை.

வெள்ளிக்கிழமை, 25ஆம் தேதி, எடுக்காத சரக்குகளின் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டேன். எடுத்தவர் இந்தியில் பேசினார். சூரத்தில் இருக்கும் ஏஜென்ட். புக்கிங் செய்தபோது வாங்குபவரின் எண் இருக்க வேண்டிய இடத்தில் தன்னுடைய எண்ணைக் கொடுத்திருக்கிறார். வெளிமாநிலச் சரக்கில் இது அடிக்கடி நடக்கும். வாங்குபவரின் எண் தெரிந்தால் அடுத்த முறை ஆலைக்காரர் நேரடியாகப் பேசிவிடுவாரோ, தன் கமிஷன் போய்விடுமோ என்ற பயம். புக்கிங் குமாஸ்தாவும் எண் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாரே தவிர யாருடைய எண் என்று பார்க்க மாட்டார். மதுரைக் கடைக்காரரின் பெயரில் குஜராத் எண் என்று தெரிந்தால் அங்கேயே சந்தேகப்பட வேண்டும். ஆனால் கைப்பேசி எண்ணின் முதல் இலக்கங்களை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிப்பது இப்போது நம்பகமான வழி இல்லை. கூப்பிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

பில்லில் இருந்த ஜி.எஸ்.டி. எண்ணைப் பொதுத் தளத்தில் தேடினால் கடையின் பெயரும் முகவரியும் கிடைக்கும். அந்த ஊரில் எங்களிடம் சரக்கு எடுக்கும் இன்னொரு கடைக்காரரிடம் விசாரித்து அண்ணாச்சியின் எண்ணை வாங்கினேன். அன்று மதியம்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

“ஆடி முடிந்து அனுப்பு என்று சொல்லியிருந்தேன் தம்பி. அவன் இப்போதே அனுப்பிவிட்டானா?” என்றார். ஆடித் தள்ளுபடிக்காகப் பழைய சரக்கைக் கடை முழுக்க இறக்கி வைத்திருந்தார். புதுச் சேலையை வைக்க இடமில்லை. ஆவணி முகூர்த்தத்துக்கான சரக்கு அது. விற்றவர் தன் பில்லை முன்கூட்டியே போட்டுவிட்டார்.

இங்கே ஒரு விஷயம். சரக்கு எடுக்காதவர்கள் மறந்துபோனவர்கள் என்று நினைத்துக்கொண்டு நினைவூட்டினால் வேலைக்காகாது. பணம் கொடுத்து வாங்கிய சரக்கை யாரும் மறப்பதில்லை. இடமில்லை, அல்லது டு-பே வாடகைக்குக் கையில் பணமில்லை, அல்லது ரசீது வங்கி வழியாக வருகிறது, வங்கியில் பில் தொகையைக் கட்டினால்தான் ரசீது கைக்கு வரும், அல்லது விற்றவரோடு தகராறு. இந்த நான்கில் எது என்று தெரியாமல் ‘சீக்கிரம் எடுங்கள்’ என்று பத்து முறை சொன்னாலும் பயனில்லை. வங்கியில் ரசீது மாட்டிக்கொண்டவரிடம் டெமரேஜைப் பற்றி விளக்குவது வீண். எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேட்டு, அங்கே காகிதம் வந்துவிட்டதா என்று விசாரிக்கச் சொல்ல வேண்டும். அண்ணாச்சிக்கு இடம்தான் பிரச்சினை என்பது முதல் பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

அடுத்து, நாள் கணக்கு. விதிப்படி எண்ணினால் 23, 24, 25, 26, ஞாயிறு விட்டு 28 ஆகிய ஐந்து நாட்கள் இலவசம். 29ஆம் தேதி செவ்வாயிலிருந்து கட்டணம். ஆனால் அவருக்குத் தகவல் போனதே 25ஆம் தேதிதான். மேலாளரிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தகவல் போன நாளையே இறங்கிய நாளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதன்படி 26, 28, 29, 30, 31 இலவசம். ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமை முதல் கட்டணம். தவறான எண்ணை வாங்கியது எங்கள் கம்பெனியின் புக்கிங் கிளை. அதற்கு அண்ணாச்சியிடம் பணம் வாங்குவது முறையாகாது. எல்லா மேலாளரும் இப்படி ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஒப்புக்கொண்டால் அதை வாயால் சொல்லிவிட்டு விடாமல் ரசீதின் எங்கள் பிரதியில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பத்து நாள் கழித்துக் கவுண்டரில் வேறு ஆள் இருப்பார். கணினி 29 என்றே காட்டும்.

அன்று மாலை அவருக்கு நான் அனுப்பிய செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது:

“வணக்கம் அண்ணாச்சி. சூரத்திலிருந்து தங்கள் கடைக்கு வந்த 12 சிப்பம் சேலை மதுரைக் குடோனில் இருக்கிறது. எல்.ஆர். படம் இணைத்துள்ளேன். லாரி வாடகை ரூ. 5,400. ஜூலை 31 வியாழன் மாலை 7 மணி வரை எடுத்தால் வேறு கட்டணம் இல்லை. ஆகஸ்ட் 1 முதல் 12 சிப்பத்துக்கும் சேர்த்து நாளுக்கு ரூ. 96. ஆகஸ்ட் 8 முதல் நாளுக்கு ரூ. 180. வண்டியோடு ஆள் அனுப்பினால் எல்.ஆர். அசலையும் கடை முத்திரையிட்ட கடிதத்தையும் கொடுத்தனுப்புங்கள்.”

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ‘ஐந்து நாள் இலவசம்’ என்று எழுதாமல் கடைசி நாளின் தேதியையும் கிழமையையும் எழுதியது. ஐந்து நாள் என்றால் அவர் ஒரு விதமாக எண்ணுவார், நாங்கள் ஒரு விதமாக எண்ணுவோம். வியாழன் மாலை என்றால் இரண்டு கணக்கு வர வழியில்லை. இரண்டாவது, சிப்பத்துக்கு 8 ரூபாய் என்று எழுதாமல் அவருடைய மொத்தச் சரக்குக்கு நாளுக்கு 96 என்று எழுதியது. எட்டு ரூபாய் என்று படிப்பவருக்கு அது எட்டு ரூபாயாகவே மனதில் நிற்கும். பிறகு பில்லைப் பார்த்துத் திடுக்கிடுவார்.

செய்தியில் ‘அபராதம்’ என்ற சொல்லை நான் எழுதுவதே இல்லை. எங்கள் ஆபீஸில் சிலர் அப்படித்தான் பேசுவார்கள். அபராதம் என்றால் வாடிக்கையாளர் ஏதோ குற்றம் செய்தது போலாகிறது. இது இடத்துக்கு வாடகை, அவ்வளவுதான்.

31ஆம் தேதிக்கு முந்தின நாள் காலையில் கூப்பிட்டேன். கடைசி நாள் மாலையில் கூப்பிடுவது சடங்குக்காகச் செய்வது. வெளியூர்க்காரர் ஒரு குட்டி யானை வண்டி பிடித்து, ஆள் ஏற்பாடு செய்து, வாடகைப் பணம் புரட்டிக் கிளம்ப அரை நாளாவது ஆகும். முந்தின நாள் காலை என்றால் அவருக்கு ஒன்றரை நாள் கிடைக்கிறது. அண்ணாச்சி அலட்டிக்கொள்ளவில்லை. “நாளுக்கு 96 ரூபாய்தானே தம்பி? இருக்கட்டும். ஆடி முடியட்டும்” என்றார். அவர் கணக்கில் அது சரிதான். அந்த ஊரில் அவ்வளவு சரக்கை வைக்க இடம் பிடிக்க அதைவிடக் கூடுதலாகும்.

அவரை அசைத்தது டெமரேஜ் இல்லை, இ-வே பில்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கு 50,000 ரூபாய் மதிப்புக்கு மேல் இ-வே பில் என்ற மின்னணுப் பயணச் சீட்டு வேண்டும். அதற்கு ஆயுள் உண்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில். சூரத்திலிருந்து தென் தமிழ்நாட்டுக்கு வரும் சரக்குக்கு ஒன்பது நாள் அளவில் கிடைக்கும். லாரி வந்து சேரவே அதில் பெரும்பகுதி போய்விடும். சரக்கு எங்கள் குடோனுக்கு வந்தவுடன் அந்த ஆயுள் நின்றுவிடுவதில்லை. வாங்குபவரின் கடைக்குப் போய்ச் சேரும்வரை பில் உயிரோடு இருக்க வேண்டும். முடியப் போகிறது என்றால், முடியும் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை, சரக்கைக் கொண்டுசெல்பவர் நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை நாளுக்கு நீட்டிக்கலாம் என்பது மீதமுள்ள தூரத்தைப் பொறுத்தது. மதுரையிலிருந்து அண்ணாச்சி கடைக்கு 70 கிலோமீட்டர். அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் ஒரு நாள்தான். எங்கள் ஆள் நாள்தோறும் உட்கார்ந்து காரணம் எழுதி நீட்டிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் தவறினால், அந்தச் சரக்கோடு போகும் வண்டியை வழியில் அதிகாரிகள் மறித்தால், பில் காலாவதியானது என்று வரியைப் போல் இரண்டு மடங்கு தண்டம் கேட்கலாம். அந்தத் தொகைக்கு முன்னால் எங்கள் டெமரேஜ் ஒன்றுமே இல்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. லாரி குடோனையே ஸ்டாக் ரூமாகப் பயன்படுத்த நினைக்கும் வியாபாரி, அந்தக் குடோனைத் தன் ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது சரக்கு குடோனுக்கு வந்ததுமே பயணம் முடிந்ததாகக் கொள்ளப்படும். பில்லை நீட்டிக்க வேண்டியதில்லை. ஜவுளித் துறையிலிருந்து போன கோரிக்கையின் பேரில் 2018 செப்டம்பரில் மத்திய மறைமுக வரி வாரியம் இதைச் சுற்றறிக்கையாகவே தெளிவுபடுத்தியது. ஆனால் அப்படிச் சேர்த்தால் அங்கே இருக்கும் சரக்குக்கு அவர் கணக்கு வைத்திருக்க வேண்டும். அங்கிருந்து கடைக்கு எடுத்துப்போகும்போது தேவையான காகிதங்களும் புதிதாகப் போட வேண்டும். அடிக்கடி சரக்கு எடுக்கும் பெரிய கடைகளுக்கு அது பொருந்தும். வருடத்துக்கு ஓரிரு முறை வரவழைப்பவருக்குத் தேவையில்லாத தலைவலி.

இதை ஆகஸ்ட் 6ஆம் தேதி அண்ணாச்சியிடம் பொறுமையாகச் சொன்னேன். அடுத்த படிக்கட்டணம் 8ஆம் தேதி தொடங்குவதால் அதற்குமுன் ஒரு முறை கூப்பிடுவது எங்கள் வழக்கம். கேட்டுவிட்டு, “அப்படியா? இதை யாரும் சொல்லவில்லையே” என்றார். ஆடிட்டரிடம் பேசிவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

“பன்னிரண்டும் வைக்க இடமில்லை தம்பி. பாதி எடுத்துக்கொள்ளலாமா?”

எடுக்கலாம். பல பேருக்கு இது தெரியாது. முழுச் சரக்கையும் எடுத்தால்தான் உண்டு என்று நினைத்து இடம் கிடைக்கும்வரை காத்திருப்பார்கள். நினைவூட்டும்போது இதை நாமாகவே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் பாதி டெலிவரிக்குச் சில ஒழுங்குகள் உண்டு. லாரி வாடகையை முழுதாகக் கட்டியாக வேண்டும், ஆறு சிப்பத்துக்கு மட்டும் என்று பிரிக்க மாட்டோம். அதுவரையான டெமரேஜையும் கட்ட வேண்டும். எந்தெந்தச் சிப்பம் போகிறது என்று அதன்மேல் எழுதியிருக்கும் குறியெண்ணை ரசீதின் இரண்டு பிரதியிலும் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். ‘6 சிப்பம் கொடுக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் பிறகு, “பட்டுச் சேலைச் சிப்பம் எங்கே? நீங்கள் கொடுத்ததெல்லாம் காட்டன்” என்று வரும். அதோடு இ-வே பில் ஒன்றுதான். பாதிச் சரக்கு போகும்போது எந்தக் காகிதத்தில் போகிறது என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவோம். அண்ணாச்சியின் ஆடிட்டர் அதற்கு வேண்டியதைச் செய்து கொடுத்தார்.

7ஆம் தேதி வண்டி வந்து ஆறு சிப்பம் போனது. மீதி ஆறு 11ஆம் தேதி திங்கள் காலையில் போனது. தள்ளுபடிச் சரக்கு கொஞ்சம் கரைந்து இடம் கிடைத்ததாம்.

கவுண்டரில் பில் போட்டபோது கணினி 1,392 ரூபாய் காட்டியது. அது ஜூலை 29இலிருந்து எண்ணியது. அண்ணாச்சியின் முகம் மாறியது. ரசீதில் மேலாளர் எழுதியிருந்ததைக் காட்டிக் கையால் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். ஆகஸ்ட் 1 முதல் 6 வரை, ஆறு நாள், 12 சிப்பம், நாளுக்கு 96: மொத்தம் 576. 7ஆம் தேதி மீதியிருந்த ஆறு சிப்பத்துக்கு மட்டும் 48. 8, 9, 10 மூன்று நாளும் ஆறு சிப்பத்துக்குச் சிப்பம் 15 வீதம் நாளுக்கு 90: 270. ஆக 894 ரூபாய். பாதி எடுக்காமல் பன்னிரண்டையும் 11ஆம் தேதி வரை விட்டிருந்தால் 1,212 ஆகியிருக்கும்.

அப்போதும் ஒன்று கேட்டார். “ஞாயிற்றுக்கிழமை நீங்கள் குடோனையே திறக்கவில்லை. அதற்கு எப்படிக் காசு?” இந்தக் கேள்வி எல்லோரும் கேட்பது, நியாயமாகவும் தோன்றும். நான் சொன்ன பதில்: ஞாயிறு எடுக்க முடியாது என்பதால்தான் இலவச நாளில் அதை எண்ணவில்லை, உங்களுக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. கட்டணம் தொடங்கிய பிறகு அது இடத்துக்கான வாடகை. ஞாயிறும் சிப்பம் அங்கேதான் இருந்தது, காவலரும் இருந்தார். அவர் முழுக்க ஒப்புக்கொண்டதாகச் சொல்ல முடியாது. இரண்டு ஞாயிறுக்கும் சேர்த்து 186 ரூபாய் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, “சரி, எழுதுங்கள்” என்றார். அவரிடம் அந்த 186ஐக் குறைத்திருக்கலாம். ஆனால் ஞாயிறைக் கழிப்பது ஒருவருக்குத் தொடங்கினால் அந்த வாரமே அதே தெருவில் இருக்கும் நான்கு கடைக்காரர்களும் கேட்பார்கள். தகவல் போகாத நாட்களைக் கழித்தது வேறு. அதற்குக் காட்டக்கூடிய காரணம் இருந்தது. முகதாட்சணியத்துக்காகக் குறைப்பதில் நான் கண்ட கெடுதல், வாங்கியவர் அதை ஒரு நாளும் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை.

அவர் வேறொன்றும் கேட்டார். வாடகை வாங்குகிறீர்களே, சரக்குக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தானே பொறுப்பு என்று. ஆம் என்றேன். டெமரேஜ் ஓடத் தொடங்கியதும் சரக்கைப் பற்றிய கவலை நம்மைவிட்டுப் போய்விட்டதாகச் சில குடோன்களில் நினைப்பார்கள்; புதுச் சரக்கு வரவர இதைத் தள்ளித்தள்ளிக் கதவோரத்துக்கோ கூரை ஒழுகும் மூலைக்கோ கொண்டுபோய்விடுவார்கள். ஜவுளிச் சிப்பம் ஒரு முறை நனைந்தால் வெளியே காய்ந்தாலும் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அதனால் இலவச நாள் முடிந்த சரக்கை மரப்பலகை மேல் ஏற்றி, நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்கிறோம். அந்தப் படத்தை வாடிக்கையாளருக்கும் அனுப்புகிறேன். நினைவூட்டலுக்கு அதைவிட நல்ல சாக்கு இல்லை: ‘உங்கள் சரக்கு பத்திரமாக இருக்கிறது’ என்று தொடங்கினால் அடுத்து வரும் கட்டணச் செய்தியை அவர் கோபமில்லாமல் படிப்பார்.

அண்ணாச்சி போன்றவர்களிடம் இதெல்லாம் செல்லும். போனையே எடுக்காதவர்கள், ‘எனக்கு வேண்டாம், அனுப்பியவனிடமே கேளுங்கள்’ என்பவர்கள் தனி ரகம். வேண்டாம் என்று வாயால் சொன்னால் போதாது, ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வந்தவுடன் அதே நாளில் அனுப்பியவருக்கு அதைத் தெரிவித்து, திருப்பி அனுப்பவா, வேறு ஆளுக்குக் கொடுக்கவா என்று கேட்க வேண்டும். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கும்போது எங்கள் டெமரேஜ் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் இருவரும் சேர்ந்து எங்களோடு சண்டை போடுவார்கள். யார் கட்டுவது என்பது அவர்கள் தீர்க்க வேண்டியது. எங்களுக்கு யாராவது ஒருவர் கட்டினால்தான் சரக்கு வெளியே போகும்.

அதற்கும் வழிக்கு வராவிட்டால் சட்டப்படியான நோட்டீஸ். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில் 15ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எடுக்காவிட்டால் அது உரிமை கோரப்படாத சரக்காகக் கருதப்படலாம். அதன் பிறகு வாங்குபவருக்கு, அவர் கிடைக்காவிட்டால் அனுப்பியவருக்கு, இன்னொரு நோட்டீஸ். அது கிடைத்ததிலிருந்து பதினைந்து நாள். அதற்கும் எடுக்காவிட்டால் பொது ஏலத்தில் விற்கலாம். அழுகும் பொருளுக்கு முப்பது நாள் கிடையாது, நோட்டீஸ் சேர்ந்து இருபத்துநான்கு மணி நேரம்தான். ஏலத்தில் வந்த பணத்தில் லாரி வாடகை, குடோன் கட்டணம், ஏலச் செலவு போக மீதியை உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

போனில் சொன்னதோ, வாட்ஸ்அப்பில் அனுப்பியதோ இந்த நோட்டீஸுக்கு ஈடாகும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. ரசீதில் உள்ள முகவரிக்கு, சேர்ந்ததற்கு ஒப்புதல் கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புகிறோம். அனுப்பியவருக்கும் ஒரு பிரதி. அனுபவத்தில் ஏலம் வரை போகும் சரக்கு மிகக் குறைவு. அனுப்பியவரின் கைக்கு அந்தப் பிரதி போய்ச் சேர்ந்த இரண்டொரு நாளில் அவரே வாங்குபவரை நெருக்குவார், சரக்கு நகரும். சில சமயம் பாதி விலைக்கு உள்ளூரிலேயே வேறு கடைக்காரருக்கு மாற்றிவிடுவார். அப்போது டெலிவரி யார் பெயரில் என்பதை அனுப்பியவர் எழுத்தில் கொடுத்தால்தான் சிப்பத்தைத் தொடுவோம், புதியவர் வண்டியோடு வாசலில் நின்றாலும் சரி.